பன்னிரண்டு எழுத்தும் ஓர் ஓசையும்: ஸ்பெர்லிங்கின் பகுதி ஒப்பிப்புச் சோதனையை வீட்டிலேயே செய்வது எப்படி

“பன்னெண்டும் தெரிஞ்சுது மாமா, எழுதுறதுக்குள்ள போயிடுச்சு” என்றான் என் அக்கா மகன். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில், மடிக்கணினித் திரையில் மூன்று வரிசையாகப் பன்னிரண்டு எழுத்துகள் ஒரு கணம் மின்னி மறைந்திருந்தன. அவன் தாளில் இருந்தது நான்கு எழுத்து மட்டுமே. தெரிந்ததை எழுத முடியவில்லை என்று சொல்லும் ஒருவரை நாம் எளிதில் நம்புவதில்லை. தேர்வு அறையில் எல்லா மாணவர்களும் சொல்லும் சாக்குதானே இது என்று விட்டுவிடுவோம். ஆனால் 1960-இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர் அதைச் சாக்கு என்று ஒதுக்காமல், உண்மையா என்று அளந்து பார்க்க ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அந்த வழியை ஒரு சாதாரண மடிக்கணினியில் எப்படிச் செய்வது, எங்கே தவறு நேரும், வரும் எண்களை எப்படிப் படிப்பது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், எதை அளக்கப்போகிறோம்

எழுத்துகளை மிகக் குறைந்த நேரம் காட்டிவிட்டு, பார்த்த அனைத்தையும் எழுதச் சொல்வது முழு ஒப்பிப்பு. இதில் பெரும்பாலோர் நான்கு அல்லது ஐந்து எழுத்தோடு நின்றுவிடுவார்கள். ஸ்பெர்லிங்கின் ஆய்வில் சராசரி நான்கரைக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. காட்டும் எழுத்துகளை ஆறிலிருந்து பன்னிரண்டாகக் கூட்டினாலும், காட்டும் நேரத்தை 15 மில்லிசெகண்டிலிருந்து 500 மில்லிசெகண்ட் வரை நீட்டினாலும் இந்த எண் பெரிதாக மாறவில்லை. ஆகவே தடை கண்ணில் இல்லை என்ற சந்தேகம் எழுகிறது. கண்ணுக்குள் பன்னிரண்டும் வந்து, எழுதி முடிப்பதற்குள் எட்டு கரைந்துபோகிறதோ என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் எழுதச் சொன்னால்தானே தெரியும், எழுதவோ நேரமாகிறது, அந்த நேரத்திலேயே அளக்க வேண்டிய பொருள் கரைகிறது.

இந்தச் சிக்கலை ஸ்பெர்லிங் அவிழ்த்த விதம் நம் வீட்டு அடுப்படியில் தெரிந்ததுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மூன்று வரிசையில் ஏதேனும் ஒன்றை மட்டும் கேட்டால், நான்கு எழுத்தை எழுதினால் போதும். அது முழு ஒப்பிப்பின் எல்லைக்குள் அடங்கும் எண்ணிக்கை. எந்த வரிசை என்பதை எழுத்துகள் மறைந்த பிறகே சொல்ல வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. முன்கூட்டியே தெரிந்தால் அந்த வரிசையை மட்டும் பார்ப்பார்கள்; மறைந்த பிறகு தெரிந்தால், எந்த வரிசையைக் கேட்டாலும் அதை உள்ளே மிஞ்சியிருக்கும் படிமத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அவர் அதற்கு ஓசையைப் பயன்படுத்தினார். உயர்ந்த சுருதி என்றால் மேல் வரிசை, நடுச்சுருதி என்றால் நடு வரிசை, தாழ்ந்த சுருதி என்றால் கீழ் வரிசை. கண்ணால் பார்த்ததை இன்னொரு காட்சி கலைத்துவிடக்கூடும் என்பதால், காதின் வழியாகக் குறிப்புத் தருவது நல்ல தேர்வு. ஒரு வரிசையில் சராசரியாக எத்தனை எழுத்து சரி என்று பார்த்து அதை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், ஓசை கேட்ட கணத்தில் உள்ளே எத்தனை எழுத்து இருந்தன என்ற மதிப்பீடு கிடைக்கும்.

எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பது

தமிழ் ஆர்வத்தில் முதல் நாள் நான் தமிழ் எழுத்துகளை வைத்தேன்; அது சரிப்படவில்லை. ஆங்கிலச் சோதனையில் உயிரெழுத்துகளை நீக்கிவிட்டால் வரிசை ஒரு சொல்லாக அமையாது. தமிழிலோ வெறும் க, ட, ல என்று எழுதினாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் அகரம் இருப்பதால், நான்கு எழுத்து சேர்ந்தவுடன் வாய் தானாகவே அதை ஒரு சொல்லாக்கப் பார்க்கும். சொல்லாகிவிட்டால் நான்கு எழுத்து ஒரே பொருளாகி, கணக்கு கெடும். அடுத்தது, ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஆகிய ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கினால் பதின்மூன்று எழுத்துதான் மிஞ்சின. பதின்மூன்றில் பன்னிரண்டைக் காட்டினால் எழுதுபவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஏதாவது ஒட்டும். எனவே ஆங்கில மெய்யெழுத்துகளுக்கு மாறினோம். தமிழிலேயே செய்ய விரும்புபவர்கள் ஒரே எழுத்து இருமுறை வரலாம் என்று அனுமதித்து, சொல்லாக அமையும் வரிசைகளைக் கையால் நீக்க வேண்டும்.

விடையை வாயால் சொல்லச் சொல்லாமல், பன்னிரண்டு கட்டம் போட்ட தாளில் எழுதச் சொல்ல வேண்டும். `B`, `D`, `P`, `T` எல்லாம் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால் வாய்வழி விடையில் நீங்களே தவறாகக் கேட்பீர்கள். தாளில் எழுதினால் எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதும் பதிவாகிறது. அது பின்னால் மிகவும் தேவைப்படும்.

திரையும் நேரமும்

பெரும்பாலான மடிக்கணினித் திரைகள் ஒரு செகண்டுக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஒரு சட்டகம் ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட். மூன்று சட்டகம் காட்டினால் 50 மில்லிசெகண்ட் ஆகும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவத் தயாராவதற்கே ஏறத்தாழ 200 மில்லிசெகண்ட் தேவைப்படுவதால், இந்த 50 மில்லிசெகண்டுக்குள் யாரும் வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டிப் படிக்க முடியாது. நேரத்தை மில்லிசெகண்டில் கொடுக்காமல் சட்டக எண்ணிக்கையில் கொடுப்பதே நம்பகமானது. இலவசமாகக் கிடைக்கும் `PsychoPy` என்ற மென்பொருளில் மையமான பகுதி இவ்வளவுதான்:

```python
for f in range(3):
    letters.draw()
    win.flip()
win.flip()
core.wait(delay)
tone.play()
```

நான்காவது `win.flip()` எழுத்துகளை அழித்து வெற்றுத் திரையைக் கொண்டுவருகிறது. `delay` என்பது எழுத்துகள் மறைந்ததற்கும் ஓசைக்கும் இடையிலான இடைவெளி. அதற்கு 0, 0.15, 0.3, 0.5, 1.0 ஆகிய ஐந்து மதிப்புகளைக் கொடுக்க வேண்டும். ஓசைகளுக்கு 2500, 650, 250 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் குழப்பமே வராது. பார்ப்பவர் திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து, நடுவில் இருக்கும் சிறு புள்ளியைப் பார்த்தபடி தானே விசையைத் தட்டித் தொடங்க வேண்டும்; அவர் தயாராக இல்லாதபோது எழுத்து வந்தால் அந்த முயற்சி வீண். எழுத்துத் தொகுதி முழுவதும் ஆறேழு சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கட்டும். வெற்றுத் திரை வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும், கறுப்பு வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காதில் விழாத ஒரு தவறு

எங்கள் முதல் இரண்டு மாலைகளும் வீணானது ஓசையால்தான். கொருக்குப்பேட்டைப் பக்கம் போகும் சரக்கு வண்டிச் சத்தம் இடையூறாக இருக்கிறது என்று, அக்கா மகன் தன் புளூடூத் காதுப்பொறியை மாட்டிக்கொண்டான். சத்தம் குறைந்தது, ஆனால் முடிவு விசித்திரமாக வந்தது. இடைவெளி 0 என்று கொடுத்த முயற்சிகளிலேயே மதிப்பீடு ஆறு எழுத்தைத் தாண்டவில்லை, 0.3 கொடுத்த முயற்சிகளுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடும் இல்லை. அவனுக்குக் கண் நினைவு மந்தம் என்று கேலி பேசிவிட்டுப் பிறகுதான் உறைத்தது. புளூடூத் வழியாக ஓசை காதை அடைய 100 முதல் 200 மில்லிசெகண்ட், சில கருவிகளில் அதற்கும் மேல், தாமதமாகிறது. நாங்கள் 0 என்று குறித்ததெல்லாம் உண்மையில் 0.2-க்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. படிமம் வேகமாகச் சரியும் பகுதியே அதுதான் என்பதால், சோதனையின் சாரமே அந்தத் தாமதத்தில் ஒளிந்துகொண்டது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செகண்டுக்கு ஒருமுறை திரை வெண்மையாக மின்னவும், அதே கணத்தில் ஓசை எழவும் ஒரு சிறு நிரல் எழுதி ஓடவிடுங்கள். கம்பி இணைப்புள்ள காதுப்பொறியில் இரண்டும் ஒன்றாக விழும். புளூடூத்தில் ஓசை பின்னால் இழுபடுவது வெறும் காதுக்கே தெரியும். கம்பிக் காதுப்பொறி வாங்கி மாட்டிய பிறகே நாங்கள் மறுபடி தொடங்கினோம்.

முயற்சிகளின் வரிசை

முதலில் ஐம்பது முயற்சியாவது பழகுவதற்காகவே விட்டுவிட வேண்டும். ஓசையைக் கேட்டதும் “இது உயர்ந்தது, ஆகவே மேல் வரிசை” என்று யோசித்துக்கொண்டிருந்தால் அந்த யோசனைக்கே படிமம் செலவாகிவிடும். ஓசை வந்ததும் கவனம் தானாக வரிசைக்குப் போகும் அளவுக்குப் பழக்கம் வேண்டும். பிறகு பன்னிரண்டு முழு ஒப்பிப்பு முயற்சிகள். அதன்பின் பகுதி ஒப்பிப்பில் ஐந்து இடைவெளிகளுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக அறுபது முயற்சிகள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒவ்வொரு வரிசையும் நான்கு முறை கேட்கப்பட வேண்டும், ஆனால் அடுத்து எது வரும் என்று ஊகிக்க முடியாதபடி கலந்து வர வேண்டும். ஒரே மூச்சில் செய்யாமல் இருபது முயற்சிக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்.

சரியான எழுத்து சரியான கட்டத்தில் இருந்தால் மட்டும் ஒரு மதிப்பெண். எழுத்து சரி, கட்டம் தவறு என்றால் மதிப்பெண் கிடையாது. ஆனால் அதைத் தனியாக ஒரு வட்டமிட்டுக் குறித்துவையுங்கள்.

ஒரு மாலையின் கணக்கு

அக்கா மகனின் முழு ஒப்பிப்பில் பன்னிரண்டு முயற்சியிலும் சேர்த்து 52 எழுத்து சரி. ஆக, சராசரி 4.33. பகுதி ஒப்பிப்பில் ஒவ்வொரு இடைவெளிக்கும் கேட்கப்பட்டவை 48 எழுத்துகள்.

| இடைவெளி (செகண்ட்) | 48-இல் சரி | ஒரு வரிசைக்கு | உள்ளே இருந்தவை (×3) |
|---|---|---|---|
| 0 | 35 | 2.92 | 8.75 |
| 0.15 | 30 | 2.50 | 7.50 |
| 0.3 | 25 | 2.08 | 6.25 |
| 0.5 | 22 | 1.83 | 5.50 |
| 1.0 | 17 | 1.42 | 4.25 |

ஒரே ஒருவரின் ஒரு மாலைக் கணக்கு இது. ஆனாலும் கோட்டின் வடிவம் ஸ்பெர்லிங் கண்டதை ஒத்திருக்கிறது. அவருடைய ஆய்விலும் ஓசை உடனே வந்தபோது பன்னிரண்டில் ஏறத்தாழ ஒன்பது எழுத்து உள்ளே இருந்தன; ஒரு செகண்ட் கழித்து வந்தபோது முழு ஒப்பிப்பைவிடக் கூடுதலாக ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. முதல் நாள் எங்களுக்குச் சாக்காகத் தோன்றிய பேச்சு, 8.75 என்ற எண்ணுக்கு முன்னால் உண்மையாகிவிட்டது.

கடைசி வரியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு செகண்டில் படிம நினைவு மறைந்துவிட்டது என்றால் 4.25 எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஓசை வருவதற்காகக் காத்திருந்த அந்த ஒரு செகண்டில் அவன் சும்மா இருக்கவில்லை. எந்த வரிசை என்று தெரியாமலே கைக்குக் கிடைத்த நான்கு எழுத்தைக் குறுங்கால நினைவுக்கு மாற்றிவைத்துக்கொண்டான். பன்னிரண்டில் 4.33 கையில் இருந்தால், எந்த வரிசையைக் கேட்டாலும் அதில் சராசரியாக 1.44 எழுத்து கையில் இருக்கும். அட்டவணையில் இருப்பது 1.42. ஆகவே அந்த எண் படிமத்தின் எச்சம் அன்று. மற்ற வரிகளிலும் 4.33-க்கு மேலே இருப்பதை மட்டுமே படிமத்தின் பங்காக எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்தக் கூடுதல், 0-இல் 4.42 ஆக இருந்து, 0.3-இலேயே 1.92 ஆகப் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு செகண்ட் என்பது அது முழுதாகக் கரையும் எல்லை. பெரும் இழப்பு முதல் மூன்றில் ஒரு செகண்டிலேயே முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு நம்பத்தக்கதா என்று பார்க்க, வரிசை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நடு வரிசை சற்று உயர்ந்திருப்பது இயல்பு. ஆனால் ஒரு வரிசை எல்லா இடைவெளியிலும் மிக உயர்ந்தும், வேறொன்று 0 இடைவெளியிலேயே மிகத் தாழ்ந்தும் இருந்தால், பார்ப்பவர் பந்தயம் கட்டுகிறார் என்று பொருள். “இம்முறை மேல் வரிசைதான் வரும்” என்று முன்கூட்டியே அங்கே கவனத்தை வைத்துவிடுகிறார். எங்கள் பழக்கச் சுற்றில் மேல் வரிசையில் 16-க்கு 15, கீழ் வரிசையில் 16-க்கு 5 என்று வந்தது. கேட்டபோது, “கேரம்ல காயின் எந்தப் பாக்கெட்னு மொதல்லயே முடிவு பண்ணிடணும்ல மாமா” என்றான். இங்கே அது கூடாது. ஓசை வரும் வரை மூன்று வரிசையையும் சமமாக ஏந்திக்கொள்ளச் சொல்லி, மறுபடி பழக்கிய பிறகே அட்டவணையில் உள்ள சுற்றைச் செய்தோம். இடைவெளி நீண்டால் பந்தயம் கட்டும் ஆசை கூடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

ஏன் கரைகிறது

ஒளி நின்ற உடனே பார்வை மண்டலம் நின்றுவிடுவதில்லை. விழித்திரையின் ஏற்பிகளிலிருந்து மூளையின் பார்வைப் புறணி வரை ஒவ்வொரு கட்டத்திலும் நரம்பணுக்களின் இயக்கம் சிறிது நேரம் தொடர்ந்து, பிறகு அடங்குகிறது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுழற்றும்போது நெருப்பு வட்டமாகத் தெரிவது இதனால்தான். 1967-இல் உல்ரிக் நைசர் இந்த எச்சத்துக்கு ஐகானிக் நினைவு என்று பெயரிட்டார். எழுத்தாக அடையாளம் கண்டு பெயர் சூட்டாத, புதுப்பித்துக்கொள்ள வழியில்லாத எச்சம் இது. தொலைபேசி எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக் காப்பாற்றுவதுபோல் இதைக் காப்பாற்ற முடியாது; முணுமுணுக்க வேண்டுமென்றால் முதலில் எழுத்தாகப் படித்திருக்க வேண்டும், படித்துவிட்டாலோ அது குறுங்கால நினைவுக்குப் போய்விடுகிறது.

தானாக அடங்குவது ஒரு பக்கம். அடுத்த காட்சி வந்து அழிப்பது மறுபக்கம். 1961-இல் அவர்பாக், கோரியல் இருவரும் எழுத்து இருந்த இடத்தைச் சுட்ட, அதன் அருகில் ஒரு கோட்டையும் வேறு முயற்சிகளில் எழுத்தைச் சூழ ஒரு வட்டத்தையும் காட்டினார்கள். கோடு வெறும் குறிப்பாகவே பயன்பட்டது; சற்றுத் தாமதித்து வந்த வட்டமோ, எந்த எழுத்தைக் கேட்டதோ அதே எழுத்தை அழித்துவிட்டது. நம் கண் செகண்டுக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் புதிய காட்சி வருகிறது. பழைய படிமம் நீண்ட நேரம் நின்றால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து எதுவுமே தெரியாது. எனவே ஒரு செகண்டுக்குள் கரைவதைக் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. அடுத்த பார்வைக்கு இடம் விடுவது அதன் இயல்பு.

மூன்றாவது, வட்டமிட்டுக் குறித்த எழுத்துகள் சொல்வது. இடைவெளி கூடக்கூட எங்கள் தாள்களில் அதிகரித்தவை பெரும்பாலும், காட்டப்படாத எழுத்தை எழுதும் பிழைகள் அல்ல. காட்டப்பட்ட எழுத்தை வேறு வரிசையில் எழுதும் பிழைகள். பிற்கால ஆய்வுகளும் இதையே கண்டன. அதாவது “இன்ன எழுத்து இருந்தது” என்பது ஓரளவு நிற்கிறது. “எங்கே இருந்தது” என்பது முதலில் நழுவுகிறது. வரிசையைக் கேட்கும் சோதனை இடத்தைத்தான் கேட்கிறது என்பதால், அட்டவணையின் சரிவில் ஒரு பகுதி படிமம் மங்குவதால் வருவதன்று, முகவரி தொலைவதால் வருவது. 1980-இல் மாக்ஸ் கோல்ட்ஹார்ட், ஒளி நின்றபின் இன்னும் கண்ணுக்குத் தெரிவதுபோல் இருக்கும் எச்சம் வேறு, பகுதி ஒப்பிப்பில் கிடைக்கும் தகவல் எச்சம் வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னதை மத்தாப்பு காட்டுகிறது. பின்னதை நம் அட்டவணை அளக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி எழுதப்பட்ட பாடக்குறிப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

இனி, திரை ஏன் சாம்பல் நிறம் என்பது. எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் வெளிச்சமான திரை இருந்தால் படிமத்தின் பயன் அரை செகண்டுக்குள் தீர்ந்துவிடுவதையும், இருளாக இருந்தால் பல செகண்ட் வரை நீள்வதையும் 1961-இல் அவர்பாக்கும் ஸ்பெர்லிங்கும் காட்டினார்கள். இருளில் விழித்திரையிலேயே ஒரு பிம்பம் தங்கிவிடுகிறது, அதை அழிக்க அடுத்த ஒளி வரவில்லை. ஆகவே “ஒரு செகண்ட்” என்பது மூளையில் பொறித்த மாறாத எண் அன்று; திரையின் வெளிச்சத்தையும் எழுத்தின் பிரகாசத்தையும் பொறுத்தது. இதை நீங்களே பார்க்க விரும்பினால், இரவில் விளக்கை அணைத்து, கறுப்புத் திரையில் வெண்ணிற எழுத்துகளை வைத்து, 1.0, 2.0 ஆகிய இரண்டு இடைவெளிகளை மட்டும் எடுத்து இருபத்து நான்கு முயற்சி செய்யுங்கள். எங்கள் தெருவில் மின்சாரம் போன ஒரு இரவு, மடிக்கணினியின் மின்கலத்தில் அதைச் செய்தோம். ஒரு செகண்ட் இடைவெளியில் 48-க்கு 28 வந்தது. உள்ளே இருந்தவை 7 எழுத்து.